‘நாய்கூடத் திங்காது’ என்று எழுதியிருந்தால்

ஓட்டல் ரிவ்யூ படிக்கும்போது பலரும் செய்கிற தவறு, யார் அதிகமாகத் திட்டியிருக்கிறாரோ அவர் சாப்பிட்டதுதான் ரொம்ப மோசம் என்று முடிவு கட்டுவது. ‘கேவலம்’, ‘மொக்கை’, ‘நாய்கூடத் திங்காது’ எல்லாம் எழுதியவரின் கோபத்தைக் காட்டும். இலையில் என்ன கோளாறு என்பதைக் காட்டாது.

ஒரு பிரியாணிக் கடைக்கு இப்படி ஒரு ரிவ்யூ, ஒரே ஒரு ஸ்டாருடன்: “செம மொக்கை. ஒன்றரை மணி நேரம் கழிச்சு வந்துச்சு. சோறு கட்டி கட்டியா இருக்கு, லெக் பீஸ் ரப்பர். த்தூ!” வசவை நீக்கினால் மிஞ்சுவது தாமதம்தான். மூடிய டப்பாவில் ஆவி இறங்கி ஆறிய சோறு கட்டி தட்டும், கறியும் விறைக்கும். மதியம் தம் உடைக்கிற நேரத்தில் நேரில் போனால் இந்தப் புகாரே இல்லாமல் போகலாம்.

அதே கடைக்கு மூன்று ஸ்டார் கொடுத்த இன்னொருவர்: “டேஸ்ட் ஓகே. லேசா ஊசின வாடை. நைட்டு ரெண்டு பேருக்கும் வாந்தி.” திட்டே இல்லை. ஆனால் நான் பயப்படுவது இதற்குத்தான். வடித்த சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அதில் பேசில்லஸ் சீரியஸ் என்கிற பாக்டீரியா பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். ஒருவர் சொன்னதை வைத்துக் கடையைக் குற்றம் சாட்ட முடியாதுதான். தேதியைப் பாருங்கள். அதே வாரத்தில் வேறொருவரும் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று எழுதியிருந்தால், நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

அடுத்த தவறு, எல்லா வசவையும் ஒன்றாகப் பார்ப்பது. சாம்பாரைக் ‘கழனித்தண்ணி’ என்றால் பருப்பு போதவில்லை, அவ்வளவுதான். அது கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை. ‘சிக்கு வாடை’ என்றால் பழைய எண்ணெய். ‘கவிச்சி’ என்றால் கறியையோ மீனையோ சரியாகக் கழுவிச் சமைக்கவில்லை. ‘ஊசிப்போச்சு’ மட்டும்தான் நேராகக் கெட்டுப்போனதைச் சொல்கிறது.

சர்வீஸ் பற்றி எழுதும்போது ‘மூஞ்சியக் காட்டுறாங்க’ என்பது சப்ளையரின் நடத்தை. ‘ஆட்டையப் போட்டுட்டாங்க’ என்பது பில். இரண்டாவதைப் பார்த்தால், எந்த வரியில் எவ்வளவு கூடியது என்று எழுதியிருக்கிறாரா எனத் தேடுங்கள்.

பொருள் வாங்கும்போது ‘டப்பா’வும் ‘டுபாக்கூர்’உம் வேறு வேறு. ‘டப்பா சார்ஜர்’ என்றால் தரம் குறைவு, எங்கே வாங்கினாலும் அப்படித்தான் இருக்கும். ‘டுபாக்கூர்’ என்றால் போலி. பல ஷாப்பிங் தளங்களில் ஒரே பொருளின் பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள், ரிவ்யூ எல்லாம் ஒன்றாகவே கிடக்கும். அதனால் போலி என்ற புகார் பொருளை விட்டுவிட்டு, அதை அனுப்பிய ஒரு விற்பனையாளரைப் பற்றியதாக இருக்கலாம். வாங்கும் முன் யார் பெயரில் விற்கிறார்கள் என்று பாருங்கள்.