ஊரில் படம் எடுப்பிக்கும்போது: கோட்டும் வேண்டாம், வெள்ளையாக்கலும் வேண்டாம்

கனடாவுக்கு வந்து, பி.ஆர். கையில் கிடைத்து, வன்னியில் இருக்கும் மனைவியையோ கணவரையோ ஸ்பொன்சர் செய்யத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிவம் நிரப்பச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். படத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது ஸ்ரூடியோக்காரரின் வேலை என்று விட்டுவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

விசுவமடுவிலிருந்து ஒரு பெண் கிளிநொச்சிக்கு பஸ் ஏறிப் போய்ப் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவர் ஸ்கார்பரோவில். ஸ்ரூடியோக்காரர் கேட்கிற முதல் கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: "தங்கச்சி, கனடாவுக்கெண்டா கோட் போட்டு விடவோ?" நல்ல மனதோடுதான் கேட்கிறார். கணினியில் ஆளில்லாத கோட்டுகள் வரிசையாகத் தயாராக இருக்கும். கழுத்துக்கு மேலே முகத்தை வெட்டி அதில் ஒன்றில் ஒட்டுவார். பின்னால் தொங்கிய நீலத் துணியை அழித்து வெள்ளை அடிப்பார். முகத்தை இரண்டு படி வெளுப்பாக்குவார். இடது கன்னத்தில் இருக்கிற மச்சம் போய்விடும். புருவத்துக்கு மேலே ஷெல் துண்டு கீறிய தழும்பு இருந்தால் அதுவும் போய்விடும். படத்தை வட்ஸ்அப்பில் பார்த்த கணவருக்கும் சந்தோஷம்தான்: "வடிவாயிருக்கு."

கனடாவின் விதி இதற்கு நேர் எதிர். படம் மூலப் படமாக இருக்க வேண்டும், எந்த வகையிலும் மாற்றப்பட்டிருக்கக் கூடாது, ஏற்கெனவே உள்ள இன்னொரு படத்திலிருந்து எடுத்ததாகவும் இருக்கக் கூடாது. பிரித்தானியாவும் அமெரிக்காவும் இதையே வேறு வார்த்தைகளில் சொல்கின்றன. முகத்தை மாற்றுவது பிழை என்பது விளங்குகிறது, ஆனால் ஒரு கோட்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பதில் தெரிய வேண்டுமென்றால் களவுக்காரரின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

தலைமாற்றி அனுப்புகிற காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஏஜென்சிக்காரர் இன்னொருவரின் பாஸ்போட்டை வாங்கி, அதிலிருக்கிற படத்தை உரித்து, போகிறவரின் படத்தை ஒட்டுவார். படத்தைத் தாளிலேயே அச்சடிக்கத் தொடங்கியதும், பல நாடுகள் அதே முகத்தைச் சிப்புக்குள்ளும் வைத்ததும், உரித்து ஒட்டும் வேலை பெரும்பாலும் படுத்துவிட்டது. அதனால் தலைமாற்று வேறு இடத்துக்கு நகர்ந்தது. பாஸ்போட் அச்சாகும் முன்பே, விண்ணப்பத்தோடு கொடுக்கிற படத்திலேயே மாற்றிவிடுவது.

அது எப்படி நடக்கிறது? இரண்டு பேரின் படங்களை எடுத்து, கண்ணுக்குக் கண், வாய்க்கு வாய் பொருத்தி, மென்பொருளால் பாதிக்குப் பாதி கலக்கிறார்கள். வருகிற முகம் இருவரில் யாருமில்லை, ஆனால் இருவருக்கும் சாடை உண்டு. உண்மையான ஆள் அந்தப் படத்தைக் கொடுத்து உண்மையான பாஸ்போட் எடுக்கிறார். அதற்குப் பிறகு விமானநிலையத்தில் இரண்டு பேருமே அதைக் காட்டலாம். முகம் ஒப்பிடும் இயந்திரம் முகத்தை எண்களின் வரிசையாக மாற்றி, இரண்டு வரிசையும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒத்துப்போனால் "அதே ஆள்" என்கிறது. கலவை முகம் இருவரோடும் அந்த அளவைத் தாண்டிவிடக்கூடும். இத்தாலியின் பொலோஞா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் இதைச் செய்து காட்டினார்கள். 2018இல் ஜெர்மனியில் ஒரு செயற்பாட்டாளர் குழு, தங்களில் ஒருவரின் முகத்தோடு அப்போதைய ஐரோப்பிய ஒன்றிய வெளியுறவுப் பிரதிநிதி ஃபெடெரிக்கா மொகெரினியின் முகத்தைக் கலந்து கொடுத்து, அசல் பாஸ்போட்டே எடுத்துக் காட்டியது.

அதிகாரியின் கண் பிடித்துவிடாதா என்றால், நம்ப முடியாது. ஆஸ்திரேலியாவின் பாஸ்போட் அதிகாரிகளை வைத்து 2014இல் வெளியான ஒரு ஆய்வில், வேறொருவரின் படத்தை நீட்டியபோது 100இல் 14 தடவை "அதே ஆள்தான்" என்று விட்டுவிட்டார்கள். தெரிந்த முகத்தை நாங்கள் இருட்டிலும் அடையாளம் காண்போம். தெரியாத முகம் என்றால் அனுபவமுள்ளவரும் தடுமாறுவார்.

இப்போது கோட்டுக்கு வருவோம். கலவை முகத்தைப் பிடிக்க ஆய்வாளர்களும் மென்பொருள்களும் தேடுவது, படம் தொடப்பட்ட தடயங்களை. தோலின் நுண்துளைகள் மெழுகுபோல வழுவழுப்பாகியிருக்கிறதா, முடியின் ஓரம் கத்தரித்ததுபோல இருக்கிறதா, படத்தின் ஒரு பகுதி கரகரப்பாகவும் மற்றப் பகுதி சுத்தமாகவும் இருக்கிறதா, முகத்தில் வெளிச்சம் இடமிருந்தும் உடுப்பில் வலமிருந்தும் விழுகிறதா என்று பார்ப்பார்கள். நம் ஸ்ரூடியோக்காரரின் கோட்டும் வெள்ளைப் பின்னணியும் இதே தடயங்களைத்தான் விடுகின்றன. கழுத்தில் ஒரு வெட்டு இருக்கிறதென்றால், வெட்டிய கை அங்கேயே நின்றதா, முகத்துக்கும் போனதா என்று பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் "கொஞ்சம் திருத்தலாம், நிறையத் திருத்தக் கூடாது" என்று எல்லை போடாமல் முழுவதையும் தடுத்துவிட்டார்கள். அளவாக வெட்டுவது திருத்தமாகாது. தலையும் தோளும் சரியான அளவில் வருவதற்கு ஓரங்களை வெட்டித்தான் ஆக வேண்டும்.

விசுவமடுப் பெண்ணிடம் திரும்புவோம். விண்ணப்பத்தோடு போன படத்தில் மச்சம் இல்லை. பிறகு கைரேகை கொடுக்கப் போகிறார். அங்கே அவர்களே ஒரு படம் எடுப்பார்கள், அதில் மச்சமும் தழும்பும் இருக்கும், நிறமும் உள்ளபடி இருக்கும். பாஸ்போட்டிலும் மச்சம் இருக்கிறது. மூன்று படங்களில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. பெரும்பாலும் நடப்பது, புதிய படம் அனுப்பச் சொல்லி ஒரு கடிதம் வருவதுதான். ஆனால் கடிதம் வந்து, அவர் மறுபடி கிளிநொச்சி போய், படம் இங்கே வந்து சேரும்வரை கோவை அசையாது. உள்ளதற்கு மாறாக ஒன்றைக் காட்ட முயன்றதாக அதிகாரி முடிவெடுத்தால் அது வேறு கதை. கனடாக் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, முக்கியமான விஷயத்தில் பொய்யாகக் காட்டியவருக்கு ஐந்து வருடம் கதவடைப்பு. ஒரு மச்சத்துக்காக அங்கே போய் முடிவது அரிது. என்றாலும் அந்தப் பக்கமே போகாமலிருப்பது நல்லது.

தழும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வன்னியில் முகத்தில் காயம் பட்டவர்கள் எத்தனை பேர். அழித்துவிடச் சொல்லி அவர்களே கேட்பதும் உண்டு, கேட்காமலே ஸ்ரூடியோவில் அழித்துவிடுவதும் உண்டு. அடையாளப் படத்தில் அது இருக்கட்டும். முகத்தின் நிரந்தர அடையாளம் என்ற அளவில் அது உங்கள் பக்கம் நிற்கும் சாட்சி.

அப்புறம், வீட்டுச் சுவரில் தொங்கும் குடும்பப் படங்கள். காணாமல் போன மகனையோ, கனடாவில் இருக்கும் தகப்பனையோ பழைய படத்திலிருந்து எடுத்து, எல்லோரும் சேர்ந்து நிற்பதுபோல ஸ்ரூடியோவில் இணைத்திருப்பார்கள். இடப்பெயர்வில் அல்பங்கள் எல்லாம் போன பிறகு பல வீடுகளில் மிஞ்சியது அதுதான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உறவுக்குச் சாட்சியாக அதை விசா விண்ணப்பத்தோடு வைக்காதீர்கள். பிள்ளை பிறந்தபோது தகப்பன் இலங்கையிலேயே இல்லை என்று பாஸ்போட் முத்திரை சொல்லும், படம் அவர் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதாகச் சொல்லும். உண்மையான உறவே சந்தேகத்துக்குள்ளாகும். சேர்ந்து எடுத்த படம் இல்லையென்றால் இல்லையென்றே எழுதி, பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு, தொலைபேசிப் பதிவு, பிறப்புச் சான்றிதழ் என்று உள்ளதைக் கொடுங்கள்.

சரி, எப்படி எடுப்பிப்பது? இலங்கைப் பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க அனுமதி பெற்ற ஸ்ரூடியோவாகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள். பாஸ்போட் படத்தை அவர்கள் நேரே திணைக்களத்துக்கு இணையவழி அனுப்புகிறார்கள், விண்ணப்பிப்பவரின் கைக்குப் படம் வருவதே இல்லை. ஜெர்மனியும் கலவை முகத்துக்குப் பயந்து 2025 மே மாதத்திலிருந்து தாளில் அச்சடித்த படத்தை நிறுத்தி, இதே வழிக்கு வந்திருக்கிறது. ஆகவே அந்த ஸ்ரூடியோக்காரருக்குத் தொடாத படம் என்றால் என்னவென்று தெரியும். "அண்ணை, பாஸ்போட்டுக்கு எடுக்கிற மாதிரி எடுங்கோ, ஒண்டும் திருத்த வேண்டாம்" என்று சொன்னால் போதும். கனடாவுக்கான அளவையும் பின்னணியையும் உங்கள் விண்ணப்பத்தின் அறிவுறுத்தலைப் பார்த்து நீங்களே எழுதி அனுப்புங்கள். விசாவுக்கும் பி.ஆர். அட்டைக்கும் அளவு ஒன்றல்ல. பின்னணி வெள்ளை வேண்டுமென்றால் வெள்ளைத் துணியைக் கட்டித்தான் எடுக்க வேண்டும், நீலத்தில் எடுத்து மாற்றக் கூடாது. கைக்குழந்தையின் தலையைத் தாய் பிடித்திருக்க, பிறகு கையை அழிப்பதும் ஒட்டுவேலைதான். குழந்தையை வெள்ளை விரிப்பில் கிடத்தி மேலிருந்து எடுத்தால் கை தேவைப்படாது.

வீட்டில் போனில் எடுத்தால் முன்பக்கக் கமராவைத் தவிர்க்கவும். சில போன்கள் அதில் எடுத்ததைக் கண்ணாடிபோலத் திருப்பிச் சேமிக்கும், இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போய்விடும். கிட்டப் பிடித்து எடுப்பதால் மூக்கும் பெருக்கும். இன்னொருவர் ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று எடுக்கட்டும். முகத்தை அழகாக்கும் அமைப்பு பல போன்களில் தானாகவே இயங்கும், தேடிப்பிடித்து நிறுத்த வேண்டும்.

படத்தை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக, அதாவது `Document` வழியாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் சுருங்கி, நுண்மை போய்விடும். வந்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். காதோரத்தில் முடி கலைந்து தெரிகிறதா, கழுத்து உடுப்போடு இயல்பாகச் சேர்கிறதா, தோலில் துளைகள் தெரிகின்றனவா? கணினியில் கோப்பின் விவரங்களைத் திறந்தால் `Software` என்ற இடத்தில் ஃபோட்டோஷொப் என்று இருக்கலாம். அளவாக வெட்டியிருந்தாலும் அது பதிவாகும் என்பதால் அதை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள், கமராவில் எடுத்த மூலக்கோப்பைக் கேட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கோட்டுப் படம் ஏற்கெனவே போய்விட்டதா? அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புதிதாக ஒன்றை எடுப்பித்து, கனடாக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையப் படிவத்தில் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். முதல் படத்தின் உடையையும் பின்னணியையும் முகத்தையும் ஸ்ரூடியோவில் திருத்தியிருந்தார்கள், இது திருத்தாத படம் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.