ஹால் பெரிதாகத் தெரிகிறதா? டைல்ஸை எண்ணிப் பாருங்கள்

நாகர்கோவிலில் வாடகைக்கு வீடு தேட ஆரம்பித்தால், பார்க்கப் போகும் முன்பே வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து குவிந்துவிடும். அவற்றில் வெளிச்சமாக, விசாலமாகத் தெரிகிற வீட்டுக்கு மனசு ஓடுவதுதான் முதல் தவறு.

என் தங்கைக்காக வெட்டூர்ணிமடத்தில் ஒன்று, பார்வதிபுரத்தில் ஒன்று என இரண்டு வீட்டுப் படங்களை வைத்துப் பார்த்தோம். முதல் வீட்டு ஹால் மண்டபம் போல விரிந்து கிடந்தது. ஆனால் படத்தின் ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி பெஞ்சு அகலத்துக்கு இழுபட்டிருந்தது. ஃபோனில் 0.5x வைத்து எடுத்தால் ஓரத்தில் இருப்பவை இப்படி நீளும், எதிர்ச்சுவர் தள்ளிப் போகும். அதனால் தரையை எண்ணினோம். அறைக் கதவு பெரும்பாலும் மூன்றடி அகலம் இருக்கும். வாசல் அகலத்துக்கு ஒன்றரை டைல் வந்தால் அது இரண்டடி டைல். முதல் ஹால் ஐந்துக்கு ஆறு டைல், அதாவது 10க்கு 12 அடி. நெருக்கமாகத் தெரிந்த இரண்டாவது ஹால் ஆறுக்கு ஏழு, 12க்கு 14 அடி! சுவரோரத்தில் வெட்டி ஒட்டிய துண்டு டைலை மட்டும் முழு டைலாக எண்ணிவிடாதீர்கள்.

வெளிச்சத்தைப் படத்துக்குப் படம் ஒப்பிடவே கூடாது. இருட்டு அறையையும் ஃபோன் தானாகவே வெளுப்பாக்கிவிடும். பகலில் எடுத்த படத்தில் எல்லா லைட்டும் எரிகிறதா, ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியாமல் வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வீட்டில் இரண்டும் இருந்தன. காலை பதினொரு மணிக்கு லைட்டை அணைத்து, ஜன்னலுக்கு நேராக ஃபோனை வைத்து ஒரு படம் கேட்டோம். ஜன்னலுக்கு மூன்றடி தள்ளி பக்கத்து வீட்டுச் சுவர் நின்றது.

பராமரிப்புதான் படத்தில் பிடிபடாத விஷயம். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இடையில் வெயில் காலத்தில் பெயின்ட் அடித்துப் படம் எடுத்தால் ஓதம் அடித்த சுவரும் புதுசாகத் தெரியும். அதனால் சுவரை விட்டுவிட்டு, பெயின்ட்காரர் கை படாத இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கதவுக் கீல், பாத்ரூம் கதவின் அடிப்பக்கம், சுவிட்ச் போர்டின் விளிம்பு. குளச்சல் போலக் கடலோரம் என்றால் ஜன்னல் கம்பியின் கீழ் முனையில் துரு முதலில் தெரியும்.

இவ்வளவு பார்த்தும், இரண்டாவது வீட்டுக்கு நேரில் போய் சுவர் அலமாரியைத் திறந்ததும் பூசண நாற்றம் அடித்தது. மொட்டைமாடியில் விரிசல். அதைப் பூசித் தந்து, அடுத்த மழையில் ஒழுகவில்லை என்று பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தோம்.