டர்பனில் வீடு காலி செய்யும்போது வீட்டுக்காரருக்கு எழுத வேண்டிய கடிதம்

நம்மூரில் அட்வான்ஸ் என்கிறோமே, அதை இங்கே தென்னாப்பிரிக்காவில் டெபாசிட் என்பார்கள். காலி செய்யும்போது அதில் கை வைக்கப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம், "வீட்டைச் சுத்தமாக விடவில்லை" என்பதுதான். முதல் வீட்டில் என்னிடம் 1,800 ரேண்ட் அப்படித்தான் பிடித்தார்கள். இரண்டு நாள் தேய்த்துக் கழுவியதைக் காட்ட என் கையில் ஒரு வரி எழுத்துகூட இல்லை.

சாட்ஸ்வொர்த்தில் இருந்த இரண்டாவது வீட்டைக் காலி செய்தபோது, மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில் வீட்டுக்கார அம்மாவுக்குக் கடிதம் எழுதி, படங்களோடு மின்னஞ்சலில் அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது:

"மதிப்பிற்குரிய அம்மா, 31ஆம் தேதியோடு நம் ஒப்பந்தம் முடிகிறது. அடுப்பின் ஓவனில் பேக்கிங் சோடாவைக் குழைத்துப் பூசி, ஓர் இரவு ஊறவிட்டுத் துடைத்தேன். கதவுக் கண்ணாடியின் உள்பக்கமும் துடைத்தாயிற்று. சமையல் மேடையில் இருந்த மஞ்சள் கறை போய்விட்டது. சாமி விளக்கு வைத்த மூலையில் படிந்திருந்த புகைக்கறையைக் கழுவி, அதே வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். ஆணித் துளைகள் நான்கையும் அடைத்துவிட்டேன். குளியலறைக் கூரையின் பூசணத்தைத் துடைத்தேன், ஆனால் ஈரக்கசிவுத் தடம் அப்படியே இருக்கிறது. அது நான் குடிவந்த நாளில் நாம் இருவரும் கையெழுத்திட்ட பட்டியலிலேயே உள்ளது. 29 அல்லது 30ஆம் தேதி, உங்களுக்கு வசதியான நேரத்தில் சேர்ந்து பார்வையிடலாம்."

கூரைத் தடத்தை நானே எழுதியதை நண்பர்கள் தப்பு என்றார்கள். எனக்கு அதுதான் கடிதத்தின் உயிர். இந்தக் கடலோர ஈரத்தில் பூசணம் திரும்பத் திரும்ப வரும். பழைய குறை எது, நாம் செய்தது எது என்று பிரித்துச் சொன்னால்தான் மற்ற வரிகளையும் நம்புவார்கள். "நன்றாகச் சுத்தம் செய்தேன்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்த இடம், என்ன அழுக்கு, என்ன செய்தோம் என்பது இருக்க வேண்டும்.

தேதி குறித்ததற்கும் காரணம் உண்டு. 1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுவசதிச் சட்டப்படி, ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இருவரும் சேர்ந்து பார்வையிட வேண்டும். வீட்டுக்காரர் அப்படிப் பார்க்காவிட்டால், வீடு நல்ல நிலையில் இருந்ததாக அவர் ஒப்புக்கொண்டதாகவே ஆகும். நம் மீது பாக்கியோ சேதமோ இல்லையென்றால், வட்டியோடு டெபாசிட் முழுவதையும் ஏழு நாளுக்குள் தர வேண்டும். பழுதுபார்க்கப் பிடித்தால், செலவு ரசீதுகளை நாம் கேட்டுப் பார்க்கலாம். நாள்பட்ட புழக்கத்தில் வரும் தேய்மானத்துக்குப் பிடிக்கக் கூடாது.

29ஆம் தேதி அந்த அம்மா கடிதத்தை அச்செடுத்துக் கையோடு கொண்டுவந்தார். ஓவன் கதவைத் திறந்து கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டு, கீழே இருவரும் கையெழுத்திட்டோம். ஐந்தாம் நாள் 9,500 ரேண்டும் வட்டியும் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டன.

வராமல் இழுத்தடித்தால், அந்தக் கையெழுத்துத் தாளோடு மாகாண வாடகைத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.