மேனேஜர் சாட்டில் வரும் கிண்டல்: சுற்றறிக்கையில் எது நிற்கும், எது போகும்

கோவைக்கும் வாளையாருக்கும் இடையே உள்ள லாரி அலுவலகங்களில் மேனேஜர் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவதை ஒழுங்கான அறிவிப்பாக எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர் வேலைதான். மேனேஜர் போட்ட செய்தி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"நேத்து ராத்திரி வண்டி கஞ்சிக்கோட்டுல படுத்துக்குச்சு. சரக்கு வேற வண்டிக்கு மாறிருச்சு, பில்லு மட்டும் பழைய வண்டியிலயே உக்காந்துட்டு இருந்துச்சு 😄 செக்கிங்ல மூணு மணி நேரம் போச்சு. மணியண்ணன் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள உலகமே மாறிரும். இனிமே வண்டி மாறுனா உடனே சொல்லோணும். சொல்லாதவங்களுக்கு அடுத்த மாசம் சம்பளம் மலையாளத்துலதான் வரும் 😂"

இதில் மூன்று கிண்டல்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் மூன்று விதமான முடிவு.

படி 1: கிண்டலை எல்லாம் எடுத்துவிட்டு, மிச்சத்தைப் படியுங்கள்

மிஞ்சுவது "வண்டி மாறினால் உடனே சொல்ல வேண்டும்" என்பது மட்டும். யாரிடம், எப்போது, என்ன சொல்வது என்பது அதில் இல்லை. சிரிப்பு இருந்தவரை இந்த ஓட்டை கண்ணில் படவில்லை. எனவே முதலில் மேனேஜரிடம் கேட்டு இதை நிரப்புங்கள். அவர் சொல்லும் பில், சரக்கோடு போகும் இ-வே பில். அதன் பார்ட் பி-யில்தான் வண்டி எண் இருக்கும். வழியில் சரக்கு வேறு வண்டிக்கு மாறினால், அது நகரும் முன் அங்கே புதிய எண்ணைப் பதிய வேண்டும். பில் எண் மாறாது. அறிவிப்பின் உயிர் இந்த விவரம்தான்.

படி 2: கிண்டல் யார் மேல் விழுகிறது என்று பாருங்கள்

பில் பழைய வண்டியில் உட்கார்ந்திருந்தது என்பது ஒரு காகிதத்தின் மேல் விழுகிறது. யாருக்கும் வலிக்காது. அதோடு, நடந்த தவறு என்ன என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது: சரக்கு நகர்ந்தது, பதிவு நகரவில்லை. இது நிற்கலாம்.

மணியண்ணன் டீ போக வேண்டும். அவர் சாட்டில் சிரிப்புப் படம் போட்டிருந்தாலும் போக வேண்டும். சாட்டில் அந்த வரி மறுநாள் மேலே ஏறி மறைந்துவிடும். அறிவிப்பு சுவரில் ஒட்டப்படும், கேரளப் பக்கக் கிளைக்கும் போகும். அவரைத் தெரியாதவர்கள் அதைத் தாமதத்துக்குக் காரணம் அவர்தான் என்று படிப்பார்கள்.

படி 3: பயமுறுத்தும் கிண்டலை நீங்களே தீர்த்துவிடாதீர்கள்

சம்பளம் பற்றிய வரிதான் இதில் மிகவும் சிக்கலானது. பிடித்தம் உண்டா, வெறும் பேச்சா? அப்படியே விட்டால் பாதிப் பேர் பயப்படுவார்கள், பாதிப் பேர் அலட்சியம் செய்வார்கள். சத்தமில்லாமல் வெட்டினால் மேனேஜர் உண்மையிலேயே சொல்ல வந்த ஒன்றை நீங்கள் அழித்ததாகவும் ஆகலாம். "அண்ணா, சம்பளத்துல கை வைக்கறதா முடிவா, இல்ல சும்மா சொன்னதா?" என்று நேரே கேளுங்கள். சும்மா என்றால் வரி போகட்டும். முடிவு என்றால் அது இந்த அறிவிப்பில் சேராது. தனியாக, சிரிப்பில்லாமல், அவர் பெயரில் வர வேண்டும். மலையாளத்தைச் சம்பளம் கிடைக்காததற்கு அடையாளமாக்கும் பகுதியோ எப்படியும் நிற்காது. படிக்கிற ஓட்டுநர்களில் பலருக்கு அதுதான் வீட்டுப் பேச்சு.

விபத்து, காயம், லீவு மறுப்பு பற்றிய செய்தியானால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம், கிண்டல் முழுதும் போகட்டும்.

படி 4: நிற்பதை எங்கே வைப்பது

போன் திரையில் செய்தியின் முதல் வரிதான் தெரியும். வண்டி ஓட்டுபவர் பல நேரம் அதோடு நிறுத்திக்கொள்வார். அதனால் முதல் வரி கட்டளையாக இருக்கட்டும். கிண்டல் நடுவில், ஒன்றே ஒன்று. சிரிப்புப் படம் வேண்டாம், அது கட்டளையையும் விளையாட்டாக்கிவிடும்.

"வழியில் வண்டி மாறினால், புதிய வண்டி எண்ணை உடனே அலுவலக எண்ணுக்கு அனுப்புங்கள். பார்ட் பி-யில் பதிந்து, திருத்திய பில்லை அனுப்புவோம். அது வரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். நேற்று கஞ்சிக்கோட்டில் சரக்கு வேறு வண்டிக்கு மாறியது. பில் மட்டும் பழைய வண்டியிலேயே உட்கார்ந்திருந்தது. சோதனையில் மூன்று மணி நேரம் போனது."

இதே நிகழ்வைச் சரக்கு அனுப்பிய வியாபாரிக்கு எழுதினால், நாம் நிற்க வைத்த வரியும் போக வேண்டும். தாமதமானது அவர் சரக்கு. நம் சிரிப்பு அவருக்கு அலட்சியமாகத்தான் படும். "வண்டி எண் பதிவு திருத்தப்படாததால் தாமதம்" என்பது போதும்.

படி 5: அனுப்பும் முன் ஒருவரிடம் காட்டுங்கள்

தமிழைச் சுமாராகப் படிக்கும் மலையாளி ஓட்டுநர் ஒருவரிடம் கொடுத்து, "இப்ப என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். "நம்பர் அனுப்பிட்டு, பில் வர்ற வரைக்கும் நிப்பேன்" என்றால் அனுப்பலாம். "எந்த பில் எங்கே உட்கார்ந்தது?" என்று கேட்டால் அந்த ஒரு வரியையும் எடுத்துவிட்டு, "பார்ட் பி-யில் பழைய வண்டி எண்ணே இருந்தது" என்று எழுதுங்கள்.