எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, கால் மட்டும் மரத்துப்போகிறது: முதுகு எம்.ஆர்.ஐ.யில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் 46 வயது வெட்டுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருபது கிலோ குலையைக் கம்பியால் குத்தித் தூக்கி டிராக்டர் பெட்டியில் போடும்போது முதுகில் சுரீரென்று பிடித்தது. இரண்டு நாளில் முதுகு தேறிவிட்டது. ஆனால் வலி கீழே இறங்கியது. வலது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறம், கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை இழுக்கிறது. அந்த விரல் மரத்தும் இருக்கிறது. கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு நல்லா இருக்கு" என்றார்கள். லயத்தில் எல்லாரும் அதைக் கேட்டு, "அப்ப ஒன்னுமில்ல, எண்ணெய் தேய்ச்சா சரியாயிடும்" என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

முதல் தவறு இதுதான். எலும்பு நன்றாக இருக்கிறது என்ற பதில் எலும்பைப் பற்றிய பதில் மட்டுமே. காலுக்கு இறங்கும் வலி பெரும்பாலும் நரம்பின் வலி. நரம்பு எக்ஸ்ரேயில் தெரிவதே இல்லை.

எக்ஸ்ரே ஒரு நிழல் படம். சுண்ணாம்புச் சத்து அடர்ந்த எலும்பு கதிரைத் தடுப்பதால் வெள்ளையாக விழுகிறது. தசை, நரம்பு, சவ்வு, நீர் எல்லாம் கதிரை ஏறக்குறைய ஒரே அளவில் விடுவதால் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடுகின்றன. இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல உட்கார்ந்திருக்கும் டிஸ்க்கும் அப்படித்தான். எக்ஸ்ரேயில் நாம் பார்ப்பது டிஸ்க்கை அல்ல, டிஸ்க் இருக்க வேண்டிய இடைவெளியை. இடைவெளி குறுகியிருந்தால் டிஸ்க் தேய்ந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். டிஸ்க்கின் உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கிப் பின்னால் போய் நரம்பை நசுக்குகிறதா என்று அதில் சொல்ல வழியே கிடையாது.

எம்.ஆர்.ஐ. வேறு கேள்வி கேட்கிறது. அது உடம்பிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜனைத் தேடுகிறது. 1.5 அல்லது 3 டெஸ்லா வலுவுள்ள காந்தத்துக்குள் ஆளைப் படுக்க வைத்து, ரேடியோ அலையைத் தட்டி, திரும்பி வரும் சமிக்ஞையைப் படமாக்குகிறது. கதிர்வீச்சு இல்லை. முதுகுக்கு எடுக்கும் டி2 என்ற வகைப் படத்தில் நீர் வெள்ளையாகத் தெரியும். நல்ல டிஸ்க்கின் நடுப்பகுதி நீர் நிறைந்து வெளுத்திருக்கும். வற்றிப்போன டிஸ்க் கறுத்திருக்கும். தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவம் வெள்ளை ஓடை போலவும், அதற்குள் நரம்பு வேர்கள் கறுப்பு நூல்கள் போலவும் தெரியும். பிதுங்கிய டிஸ்க் அந்த ஓடைக்குள் முட்டிக்கொண்டு எந்த நூலை ஒதுக்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

எலும்பிலும் எம்.ஆர்.ஐ.க்கு ஒரு தனிச் சாமர்த்தியம் உண்டு. வாசலில் வழுக்கி விழுந்த பாட்டியின் எக்ஸ்ரேயில் ஒரு முதுகெலும்பு ஆப்பு போல நசுங்கியிருக்கிறது என்று வையுங்கள். அது நேற்று நசுங்கியதா, பத்து வருஷத்துக்கு முன்னாலேயா? எக்ஸ்ரேயில் பல நேரம் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கொழுப்பின் வெளிச்சத்தை அணைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில், புதிய முறிவின் மஜ்ஜை நீர் கோத்து வெள்ளையாக மின்னும். ஆறிய முறிவு அடங்கிக் கிடக்கும். முதுகெலும்புக் காசநோயிலும் இதே கதைதான். எலும்பின் சுண்ணாம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரே அதைக் காட்டிக்கொடுக்கும். மஜ்ஜையில் அழற்சி தொடங்கும்போதே எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். முதுகுவலியோடு காய்ச்சல், இராத்திரி வியர்வை, எடை குறைவு இருந்தால் 'எக்ஸ்ரே நார்மல்' என்ற சொல்லோடு வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.

அதற்காக முதல் நாளே எம்.ஆர்.ஐ. கேட்டு ஓடுவதும் தவறுதான். காலுக்கு இறங்கும் டிஸ்க் வலியில் பெரும்பாலானவை ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். பிதுங்கிய கூழை உடம்பே சிறுகச் சிறுகக் கரைத்துக்கொள்ளும். பெரிதாகப் பிதுங்கியதுதான் நன்றாகக் கரையும் என்பது பலருக்கு நம்பமுடியாத செய்தி. அதனால் ஆபத்து அறிகுறி இல்லாதவருக்கு வழக்கமாக ஆறு வாரம் பார்த்துவிட்டுத்தான் படம் எடுக்கிறார்கள். படம் எடுத்தாலும் அந்த ஆறு வாரத்தில் கொடுக்கப்போவது அதே மாத்திரை, அதே பயிற்சிதான்.

ஆறு வாரக் கணக்கு செல்லாத இடம் ஒன்று உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது அறியாமல் ஒழுகுவது, மலம் கட்டுப்படாமல் போவது, சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம் மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடத்துக்குக் கீழே தொங்கும் நரம்புக் கொத்தே நசுங்குகிறது என்று அர்த்தம். எக்ஸ்ரே எடுத்து நேரத்தைப் போக்குவதில் பயனில்லை, எம்.ஆர்.ஐ. உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஈப்போவுக்கு, உடனே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இப்படிப்பட்டவர் 'கூச்சமாக இருக்கிறது' என்று சிறுநீர் விஷயத்தை மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் விடுவதுதான் மிகக் கொடுமையான தவறு.

நம் வெட்டுக்காரருக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் எட்டாவது வாரத்திலும் வலி விடவில்லை. வலது காலின் நுனிவிரலில் மட்டும் எக்கி நிற்க முடியவில்லை. ஈப்போவில் எம்.ஆர்.ஐ.க்குத் தேதி கிடைக்கிறது. இங்கே கடிதத்தில் ஒரு தவறு நடக்கும். 'முதுகுவலி' என்று ஒரே சொல்லில் கடிதம் போனால், படத்தைப் படிக்கும் ரேடியாலஜிஸ்ட்டுக்கு எதைத் தேடுவது என்று தெரியாது. எந்தக் கால், எந்த விரல் வரை, எவ்வளவு நாளாக, எந்த அசைவு முடியவில்லை, முதுகில் முன்பு ஆப்பரேஷன் செய்ததுண்டா, புற்றுநோய் இருந்ததா: இவ்வளவும் கடிதத்தில் இருக்க வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஊசி மருந்து ஏற்றிப் படம் எடுக்கும் தேவை வந்தால் அந்தத் தகவல் முடிவை மாற்றும்.

அடுத்தது இரும்பு. காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். படம் எடுக்காத நேரத்திலும் அணைக்கப்படுவதில்லை. பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாய்க் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி ஆகியவற்றைப் பற்றி எல்லா இடத்திலும் கேட்பார்கள். தோட்டத்து ஆட்கள் மறப்பது வேறொன்று: கண்ணில் விழுந்த இரும்புத் தூள். குலை வெட்டும் சபிட்டை கிரைண்டரில் தீட்டும்போதும் பட்டறையில் வெல்டிங் செய்யும்போதும் தெறித்த துகள், எடுத்தாயிற்று என்று நினைத்து மறந்தது, கண்ணுக்குள் தங்கியிருக்கலாம். காந்தத்துக்குள் அது நகர்ந்தால் பார்வையே போகலாம். 'எப்போதாவது கண்ணில் இரும்பு விழுந்ததா' என்ற கேள்விக்கு யோசிக்காமல் 'இல்லை' என்று கோடு போட்டுவிடாதீர்கள். 'ஆமாம்' என்றால் முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ.யால் செய்ய முடியாத வேலையை எக்ஸ்ரே செய்யும் இடம் அது.

உடம்பில் இருப்பதையும் கழற்ற வேண்டும். தாலிக்கொடியில் மாட்டிய ஊக்கு, திருகு மூக்குத்தி, அரைஞாண் கயிறு. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனாலும் கழற்றச் சொல்வார்கள். தகடு வைத்த தாயத்து அரைஞாணில் தொங்கினால், அது உட்காரும் இடம் சரியாக நாம் பார்க்க வேண்டிய கீழ்முதுகுக்கு நேரே. அங்கே படத்தில் ஒரு கறுப்புப் பள்ளம் விழுந்து, டிஸ்க் காணாமல் போய்விடும். கயிற்றை அவிழ்க்க மனம் ஒப்பவில்லை என்றால் வீட்டிலேயே பெரியவர்களிடம் பேசி முடித்துவிட்டு வாருங்கள். கருவி அறை வாசலில் வாதாடினால் தேதி போய்விடும்.

உள்ளே இருபது முதல் முப்பது நிமிஷம் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். ஒரு வரிசைப் படத்தின் தகவல் சில நிமிஷங்களாகச் சேர்வதால், இடையில் ஒரு புரளல் வந்தாலும் அந்த வரிசை முழுவதும் மங்கிவிடும். வலி உள்ளவர்கள் இதை முன்கூட்டியே சொல்லி, முட்டிக்குக் கீழே தலையணை கேட்டுக்கொள்ளலாம்; டாக்டர் கொடுத்த வலி மாத்திரையை ஒரு மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு வையுங்கள்.

ரிப்போர்ட் வந்த பிறகு நடக்கும் தவறு எல்லாவற்றையும்விடச் செலவானது. நம் ஆளின் ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் இருக்கிறது. எல், எஸ் என்ற எழுத்தும் எண்ணும் கீழ்முதுகில் எந்த எலும்பு என்று சொல்பவை; பல்ஜ் என்றால் டிஸ்க் புடைத்திருப்பது. எல்3-எல்4இல் லேசான டிஸ்க் பல்ஜ். எல்4-எல்5இல் டிஸ்க் வறட்சி, இடது பக்கம் சற்றே பல்ஜ். எல்5-எஸ்1இல் வலது பக்கம் கூழ் வெளியே வந்து எஸ்1 நரம்பை நசுக்குகிறது. வீட்டில் படிப்பவருக்கு 'மூன்று டிஸ்க்கும் போய்விட்டது' என்று தோன்றும். உண்மையில் கணக்கில் வருவது கடைசி ஒன்று மட்டுமே. சுண்டுவிரல் மரப்பும் நுனிவிரலில் நிற்க முடியாததும் எஸ்1 நரம்பின் அடையாளம். வலியும் வலது பக்கம். படமும் ஆளும் ஒரே பேச்சைப் பேசுகின்றன. இதே ஆளுக்கு எல்4-எல்5 இடது பல்ஜ் மட்டும் இருந்திருந்தால், வலது கால் வலிக்கு அது காரணமே அல்ல. அதற்கு ஆப்பரேஷன் செய்தால் வலி அப்படியே இருக்கும்.

2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில் முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்கள் சேர்த்துப் பார்க்கப்பட்டன. அதன்படி வலி இல்லாத 50 வயதினரில் 80 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானமும் 60 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பல்ஜும் இருக்கும். தலைமுடி நரைப்பது போன்ற விஷயம். எம்.ஆர்.ஐ. அதிகம் காட்டுகிறது என்பதால்தான் அதை ஆளோடு ஒப்பிடாமல் தனியாகப் படிக்கக் கூடாது.

எம்.ஆர்.ஐ. கையில் வந்ததும் பழைய எக்ஸ்ரேயைக் குப்பையில் போடுபவர்களும் உண்டு. எம்.ஆர்.ஐ. படுத்த நிலையில் எடுத்தது. நிற்கும்போதும் குனியும்போதும் மட்டும் ஓர் எலும்பு இன்னொன்றின் மேல் முன்னால் நழுவுகிறது என்றால், படுத்த படத்தில் அது அடங்கிப்போய் ஒழுங்காகத் தெரியலாம். நின்று எடுத்த எக்ஸ்ரே அதைக் காட்டும். ஆப்பரேஷனில் நசுக்கத்தை மட்டும் எடுத்தால் போதுமா, எலும்பைத் திருகாணி போட்டு இணைக்கவும் வேண்டுமா என்று சர்ஜன் யோசிக்கும்போது முதலில் கேட்பது அந்த எக்ஸ்ரேயைத்தான். ஆகவே ஈப்போவுக்குப் போகும் பையில் எம்.ஆர்.ஐ. சி.டி., ரிப்போர்ட், கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரே மூன்றும் இருக்கட்டும்.