ரயிலில் பிள்ளையின் கண் எங்கே இருக்க வேண்டும்?

ரங்கூனிலிருந்து மௌல்மீனுக்குப் பகல் ரயிலில் போனால் ஒன்பது, பத்து மணி நேரம் ஆகிவிடும். தண்டவாளம் பழசு, பெட்டி பக்கவாட்டில் ஆடும், சில இடங்களில் மேலும் கீழுமாகத் தூக்கிப் போடும். கைப்பேசியைக் கையில் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு ஆறு வயது மகளோடு முதல்முறை கிளம்பியபோது, பை நிறைய வண்ணம் தீட்டும் புத்தகம், கலர் பென்சில், பல்லாங்குழி எல்லாம் எடுத்து வைத்தேன். பெகு வருவதற்குள்ளேயே அத்தனையும் வீணாயிற்று.

பல்லாங்குழி போன விதம் சிரிப்புதான். இரண்டாவது ஆட்டத்தில் ஒரு குலுக்கல், புளியங்கொட்டைகள் இருக்கைக்கு அடியில் போய்விட்டன. எதிரே இருந்த பெரியவர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தேடிக் கொடுத்தார். உருளும் எதையும் ரயிலுக்கு எடுத்துவராதீர்கள், அவ்வளவுதான்.

வண்ணப் புத்தகம் செய்த கேடு பெரிது. அதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். உடம்பு ஆடுவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. மடியில் இருக்கும் தாளைப் பார்க்கும் கண்ணோ ஒன்றும் அசையவில்லை என்கிறது. இரண்டும் முரண்படும்போதுதான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்குள் இது அரிது. பள்ளி போகும் வயதில் அதிகம். வாந்திக்கு முன்பே அடையாளம் தெரியும்: கொட்டாவி விடும், பேச்சு குறையும், முகம் வெளுக்கும், நெற்றி வியர்க்கும், எச்சில் ஊறும். "பாவம், தூக்கம் வருது" என்று நினைத்து நான் இன்னொரு படத்தைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் என் சேலை நனைந்தது.

கைப்பேசியை மறுத்துவிட்டு அதே குனிந்த பார்வையைக் காகிதத்தில் கொடுத்தால் வயிற்றுக்கு வித்தியாசம் ஒன்றும் இல்லை. பயணத்தில் விளையாட்டு என்றால் கண் வெளியே, தூரத்தில் இருக்க வேண்டும். ஜன்னலோரம், வண்டி போகும் திசையைப் பார்த்த இருக்கை, முடிந்தால் பெட்டியின் நடுப்பகுதி. சக்கரத்துக்கு மேலே ஆட்டம் கூடுதல். பஸ்ஸில் முன்பக்கம் நல்லது.

அடுத்த முறை வெளியே பார்த்து எண்ணும் விளையாட்டு வைத்தேன். அதிலும் தவறு. "பயாக்களை எண்ணு" என்றேன். நம் ஊரில் பயாவுக்கா பஞ்சம்? சிறிது நேரத்தில் எண்ணிக்கை குழம்பி, அவளுக்கே அலுத்துவிட்டது. எண்ணும் பொருள் ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டுப்பட வேண்டும். அடிக்கடி வந்தால் சலிப்பு, வராமலே போனால் கோபம். பெகுவுக்கு அப்பால் சித்தாங் ஆறு வரை வயல்வெளி. அங்கே முதுகில் கொக்கு நிற்கும் எருமை. தாட்டோன் பக்கம் இடப்புறம் மலை வந்துவிடும். அங்கே மலை உச்சியில் இருக்கும் பயா மட்டும் கணக்கு. இடம் மாறும்போது பொருளையும் மாற்றினேன்.

கணக்கு வைக்கத் தாளும் பென்சிலும் வேண்டாம், திரும்பவும் குனிய வேண்டிவரும். முழங்கை நீளத்துக்கு ஒரு பருத்திக் கயிறு போதும். எருமைக்கு ஒற்றை முடிச்சு, மலைப் பயாவுக்கு இரட்டை முடிச்சு. விரலே முடிச்சைப் போட்டுவிடும், கண் ஜன்னலை விட்டு வராது. கயிற்றைக் கழுத்தில் மட்டும் போட விடாதீர்கள். கை ஜன்னலுக்கு வெளியே போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்த கிளைகள் சில இடங்களில் உள்ளேயே வந்து அடிக்கும்.

மழைக்காலத்தில் இந்தத் திட்டம் கவிழும். சாரலுக்காக ஜன்னல் பலகையை இறக்கிவிட்டால் பார்க்க ஒன்றும் இல்லை. அப்போது கண்ணை மூடிக்கொண்டு ஆட விடுகதைதான். நான் செய்த தவறு, ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டு, தெரியாதபோது உடனே விடையையும் சொன்னது. கால் மணியில் சரக்கு தீர்ந்தது. இப்போது நிலையத்துக்கு ஒன்றுதான். "ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்" என்று போட்டுவிட்டு, அடுத்த நிலையத்தில் வண்டி நின்றால்தான் விடை என்றேன். நடுவில் குறிப்பு கேட்கலாம், ஒன்றே ஒன்று. "அது இனிக்குமாம்மா?" என்று கேட்டாள். இனிக்கும் என்றேன். தேன்கூடு என்று கண்டுபிடித்துவிட்டு, வண்டி நிற்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி ஒரு மணி நேரத்துக்கு எதையாவது மிச்சம் வையுங்கள். அப்போதுதான் பிள்ளை மிகவும் சிணுங்கும். நான் வைத்திருப்பது மொட்டமா பாலம். 2008ல் அதன்மேல் ரயில் ஓடத் தொடங்கும்வரை வண்டி இக்கரையிலேயே நின்றுவிடும், பாலம் கட்டும்வரை ஆற்றைப் படகில்தான் கடக்க வேண்டும். ஆச்சி மூட்டைமுடிச்சோடு படகேறிய கதையைப் பாலத்துக்கு முன்னால் ஆரம்பித்தால், மகள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்.

போன மாதம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே கயிற்றை நீட்டினாள். "ஆச்சி, இதுல பதினேழு எருமை இருக்கு." ஆச்சி கண்ணாடியைத் தேடி எடுத்து, முடிச்சு முடிச்சாக எண்ணிப் பார்த்து, பதினாறுதான் என்றார்.