செக் பணம் திரையில் வந்துவிட்டதா? திங்கள் மதியம் வரை பொறுங்கள்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, சிங்கப்பூர் தேக்கா பக்கம் பித்தளைச் சாமான் விற்கும் ஓர் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்தது. இரண்டடிக் குத்துவிளக்கு 12, ஒன்று 155 வெள்ளி, மொத்தம் 1,860 வெள்ளி. பள்ளி விழாவுக்கு என்று சொன்னவர் பேரம்கூடப் பேசவில்லை. வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டார், அக்காவும் அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை இரவு வங்கிச் செயலியைத் திறந்தால் 4,860 வெள்ளி கூடியிருந்தது. சனிக்கிழமை காலையிலேயே போன் வந்தது. "கணக்குப் பிள்ளை தப்பா எழுதிட்டாருங்க, லாரிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய 3,000 வெள்ளியும் அதுல சேர்ந்துபோச்சு. அதை மட்டும் இந்த நம்பருக்கு பேநவ் பண்ணிடுங்க, பன்னிரண்டு மணிக்கு லாரி வரும்." அக்கா 3,000 வெள்ளியை அனுப்பினார். லாரி வந்தது, விளக்குகள் ஏறின. திங்கள் மதியம் அந்த 4,860 வெள்ளி கணக்கிலிருந்து மறைந்தது. செக் திரும்பிவிட்டது. விளக்கும் போனது, கையிலிருந்த 3,000 வெள்ளியும் போனது.

அந்தக் கடைக்கும் அக்கம்பக்கத்தில் சில கடைகளுக்கும் நான் கணக்கு எழுதுகிறேன். அக்கா அனுபவசாலி, ஏமாளி இல்லை. அவர் பார்த்த எண் பொய்யும் இல்லை. ஆனால் அது வேறு ஒன்றைச் சொல்லும் எண். இதைத்தான் எல்லாரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

வங்கிக் கணக்கில் இரண்டு இருப்புகள் இருக்கும். ஒன்று Ledger Balance. வங்கி தன் பேரேட்டில் எழுதிக்கொண்டது எல்லாம் அதில் இருக்கும், இன்னும் கிளியர் ஆகாத செக்கும் சேர்த்து. இன்னொன்று Available Balance. நீங்கள் உண்மையிலேயே எடுத்துச் செலவழிக்கக்கூடியது அது மட்டும்தான். சில செயலிகளில் பெயர் கொஞ்சம் மாறியிருக்கும், ஆனால் இந்த இரண்டு எண்களும் எங்கேயாவது இருக்கும். அந்தச் சனிக்கிழமை காலை அக்காவின் கணக்கில் ஒன்று 11,000, மற்றது 6,140. இடையில் இருந்த வித்தியாசம் சரியாக 4,860, அதாவது கிளியர் ஆகாத செக். அவர் முதல் எண்ணை மட்டும் பார்த்தார்.

இதில் என் மனத்தை மிகவும் உறுத்தியது ஒன்று உண்டு. கிளியர் ஆகாத பணத்தை வங்கி எடுக்க விடாது. அப்படியானால் 3,000 வெள்ளி எப்படிப் போனது? அந்த 6,140 வெள்ளியிலிருந்துதான் போனது. வந்தவரின் பணத்தில் மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பதாக அக்கா நினைத்தார். போனது அவருடைய சொந்த வியாபாரப் பணம்.

சிங்கப்பூரில் வெள்ளி மதிப்பிலான செக்கை வாரநாளில் மதியம் 3.30-க்கு முன் போட்டால், பெரும்பாலும் அடுத்த வேலைநாள் மதியம் 2 மணிக்குப் பிறகுதான் பணம் கையில் கிடைக்கும். செக்கின் படம் எழுதியவரின் வங்கிக்குப் போய், அங்கே பணம் இருக்கிறதா, கையெழுத்து சரிதானா என்று பார்த்து முடிக்க அவ்வளவு நேரம் தேவை. வெள்ளிக்கிழமை போட்டால் அடுத்த வேலைநாள் திங்கள். நடுவில் இரண்டரை நாள், திரையில் பணம் தெரியும், செக்கின் விதி தெரியாது. போன் சனிக்கிழமை காலை வந்ததும், லாரி அன்றைக்கே வந்ததும் தற்செயல் இல்லை. பொதுவிடுமுறை சேர்ந்தால் இந்த இடைவெளி இன்னும் நீளும்.

அடுத்த தவறு, பணம் எந்த வழியில் வந்தது என்று பார்க்காமல் விடுவது. கணக்கு எண்ணைக் கேட்டவர் நேரடியாகப் பணம் அனுப்புவார் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் உங்கள் கணக்கு எண்ணும் பெயரும் தெரிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் வங்கிக் கிளையில் உள்ள செக் பெட்டியில் ஒரு செக்கைப் போட்டுவிட முடியும். பரிவர்த்தனை வரியைத் தொட்டுப் பாருங்கள். பேநவ் அல்லது FAST என்றிருந்தால் அது வந்து சேர்ந்த பணம். செக் என்றிருந்தால் அது கோரிக்கை மட்டுமே. பெட்டியில் போட்டதற்கான ரசீதை அவர் படமெடுத்து அனுப்பினாலும், காகிதம் உள்ளே விழுந்தது என்பதைத் தவிர அதற்கு அர்த்தம் இல்லை.

அதிகமாக வந்ததைத் திருப்புவதில்தான் பெரிய தவறு நடக்கிறது. செக்கில் வந்ததை பேநவில், அதுவும் மூன்றாவது ஆளுக்கு, அனுப்பச் சொன்னால் உடனே நிறுத்திவிடுங்கள். பேநவ் சில நொடிகளில் போய்விடும், நீங்களாகத் திரும்ப இழுக்க முடியாது. செக் ஒரு நாள் கழித்தும் திரும்பும். இந்த வேக வித்தியாசத்தில்தான் மோசடியே நடக்கிறது. உண்மையிலேயே தவறாக எழுதியவர் தன் வங்கியிடம் சொல்லி அந்த செக்குக்குப் பணம் தருவதை நிறுத்தலாம், சரியான தொகையை பேநவில் அனுப்பலாம். இதை மரியாதையாகவே சொல்லலாம்: "அண்ணே, அந்த செக்கை நிறுத்திடுங்க, 1,860 மட்டும் பேநவ் பண்ணுங்க, உடனே விளக்கை ஏத்திடுறேன்." நேர்மையான ஆளுக்கு இதில் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

"காஷியர் ஆர்டர்தானே, வங்கியே கொடுத்தது, திரும்பாது" என்று சிலர் சொல்வார்கள். உண்மையான காஷியர் ஆர்டர் பணமில்லாமல் திரும்பாதுதான், ஏனென்றால் வங்கி பணத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. ஆனால் கையில் இருப்பது உண்மையானதா? போலியும் உண்டு. அதை வெளியிட்ட வங்கியைக் கேளுங்கள், ஆனால் தாளில் அச்சிட்ட எண்ணை அழைக்காமல், வங்கியின் இணையத்தளத்தில் உள்ள எண்ணை அழையுங்கள். வெளிநாட்டு டிமாண்ட் டிராஃப்ட் இன்னும் கவனத்துக்குரியது. வெளியூர் வங்கியிலிருந்து பணம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம். உங்கள் வங்கி முன்கூட்டியே வரவு வைத்தாலும், அது திரும்பினால் தொகையை உங்களிடமிருந்தே எடுத்துக்கொள்ளும், கட்டணமும் நாணய மாற்று வித்தியாசமும் உங்கள் தலையில் விழும். அப்படிப்பட்ட டிராஃப்டை நம்பிச் சரக்கை அனுப்ப வேண்டாம்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? செக் திரும்பும்வரை காத்திருக்காதீர்கள். சந்தேகம் வந்த நிமிடமே உங்கள் வங்கியின் மோசடிப் புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள், பணம் போன கணக்கில் ஏதாவது மிச்சமிருந்தால் முடக்க அதுதான் வாய்ப்பு. பிறகு போலீசில் புகார் கொடுங்கள். மோசடியா இல்லையா என்று தெரியாமல் தவித்தால் 1799-ஐ அழைத்துக் கேட்கலாம். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். லாரியின் எண்ணைக் குறித்திருந்தால் அதையும் கொடுங்கள். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமைதான் வங்கியைக் கூப்பிட்டார். அதற்குள் அந்தக் கணக்கு காலி.

இப்போது புது ஆட்களுக்கு அவர் கணக்கு எண் கொடுப்பதே இல்லை. கடையின் UEN எண்ணையோ கல்லாப்பெட்டி மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் படத்தையோ மட்டும் தருகிறார். அதை வைத்து பேநவ் பண்ண முடியும், செக் பெட்டியில் எதையும் போட முடியாது. பழைய வாடிக்கையாளர் செக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். அடுத்த வேலைநாள் மதியம் மூன்று மணிக்கு மேல் Available Balance ஏறிவிட்டதா என்று என்னையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் சரக்கைக் கட்டுகிறார்.